கம்ப்யூட்டரைக் கீழே இறக்கக் கோரி

ரெங்கம்மாள் திமிர் பிடித்தவள் என்ற பெயர் அந்த ஆபீசில் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்து நாலு வருஷம் அவளைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவாள், டைப்ரைட்டர் உறையை எடுத்து மடித்து வைப்பாள், சாயங்காலம் அதே மடிப்பு கலையாமல் போட்டு மூடுவாள். இப்போது நாளைக்கு நூறு தடவை முகவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதற்குக் காரணம் கம்ப்யூட்டர்.

திருச்சி கண்டோன்மெண்டில், மாடியில் இருந்தது அந்த விதை, உரக் கம்பெனி. லால்குடி, முசிறி, மருங்காபுரி என்று ஊருக்கு ஊர் டிப்போக்கள். அங்கிருந்து தினமும் கார்பன் நகலில் வரும் சரக்குச் சீட்டுகளை ஒருவர் பேரேட்டில் ஏற்ற, இன்னொருவர் கூட்டிப் பார்க்க, ரெங்கம்மாள் மாத அறிக்கை டைப் அடிப்பாள். எண்பத்தாறு விஜயதசமிக்கு முதலாளி ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவிட்டார். தேங்காய் உடைத்து, பெட்டியின் நெற்றியில் சந்தனம் வைத்து, பச்சை எழுத்துகள் ஓடுவதை எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்கள்.

அதை மேஜையில் வைக்க மேனேஜர் தைரியராஜ் சம்மதிக்கவில்லை. உறையூர் ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் ஒரு பீடம் செய்து வாங்கினார். மேஜையின் மேல் பீடம், பீடத்தின் மேல் கம்ப்யூட்டரின் அகலப் பெட்டி, அதன் மேல் திரை. வாசலில் நுழைகிறவர்களுக்கு நேராகத் தெரியட்டும் என்று மேஜையையும் வாசல் பக்கம் திருப்பிப் போட்டார்கள். நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்கு எல்லாம் வசதியாகத்தான் இருந்தது. உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்குத் திரை நெற்றிக்கு மேலே இருந்தது.

ரெங்கம்மாளுக்கு ஐம்பது வயது. வெள்ளெழுத்துக்காகப் போட்டிருந்த கண்ணாடியில் மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி படிப்பதற்கு. மடியில் வைத்துப் படிக்கிற புத்தகத்துக்கு அது போதும். உயரத்தில் இருக்கிற திரையைக் கீழ்பாதி வழியாகப் பார்க்க வேண்டுமானால் முகவாயைத் தூக்க வேண்டும். தூக்கினாலும் எழுத்து கலங்கலாகத்தான் தெரியும், அதனால் தலையை முன்னால் நீட்ட வேண்டும். நீட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த சீட்டைப் படிக்க மறுபடி மேஜைக்குக் குனிய வேண்டும்.

"அக்கா, கோழி தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்கு" என்றான் குமாஸ்தா சவரிநாதன். "குனியுது, அண்ணாந்து பாக்குது. குனியுது, அண்ணாந்து பாக்குது."

"கோழிக்குத் தண்ணியாவது கிடைக்குது சவரி. எனக்குக் கழுத்துவலிதான் கிடைக்குது."

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. முதலாளி தை முதல் நாலு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார். சித்திரை முடிவதற்குள் ரெங்கம்மாள் கம்ப்யூட்டர் பழகிவிட்டால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால், டைப்பிஸ்ட் வேலை என்று தனியாக ஒன்று இனி இங்கே இல்லாததால், மருங்காபுரி டிப்போவுக்கு மாற்றல். மருங்காபுரிக்குத் தினம் போய்த் திரும்புவது நடக்காத காரியம். அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பட்டறைக்கு விடியற்காலையில் கிளம்பிப் போகிறவர். தவமிருந்து பெற்ற ஒரே பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அந்த வீட்டை விட்டுவிட்டு மருங்காபுரியில் கடலை விதை மூட்டைகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும்.

பழகிவிட்டாளா இல்லையா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அவள் பதிந்த சீட்டுகளை மிஷின் பட்டியலாக அச்சடித்துத் தரும். புதிதாகச் சேர்ந்த வஹீதா அந்தப் பட்டியலையும் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பாள். எண் மாறியிருந்தால் சிவப்புப் பென்சிலால் சுழி போடுவாள். மூன்று எட்டாகியிருக்கும், ஆறு சைபராகியிருக்கும். சுழி போட்ட பட்டியல்கள் எல்லாம் தைரியராஜின் மேஜையில் சேர்ந்துகொண்டிருந்தன.

வஹீதாவுக்கு இருபத்திரண்டு வயது. இன்ஸ்டிடியூட்டில் படித்துவிட்டு வந்தவள். சுழி போடும்போது அவள் முகத்தில் ஒரு சங்கடம் தெரியும்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இன்னிக்கும் கொஞ்சம் இருக்கு."

"நான் எதுக்குக் கோச்சுக்கறேன். பென்சில நல்லாச் சீவி வச்சுக்க, இன்னும் நாலு சீட்டு பாக்கி."

"ஒண்ணு சொல்லட்டுமா? காலையில நீங்க அடிச்சதுல சுழியே இல்ல. எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் அடிச்சதுலதான்."

ரெங்கம்மாள் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். முந்தின வாரத்துப் பட்டியல்களையும் எடுத்துப் பார்த்தாள். வஹீதா சொன்னது சரியாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. பிறகு ஏன்?

மறுநாள் மூன்று மணி வெயிலில் காரணம் தெரிந்தது. மேஜையைத் திருப்பிப் போட்டதில் மேற்கு ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் வந்திருந்தது. வெயில் இறங்க இறங்க அந்த ஜன்னல் அப்படியே திரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பி தெரிந்தது, வெளியே வேப்பங்கிளை ஆடுவது தெரிந்தது, அவளுடைய தலைகூடத் தெரிந்தது. இவற்றுக்கு நடுவில் எங்கேயோ பச்சை எண்கள். இத்தனை நாளும் தன் கண்தான் மங்கிவிட்டது என்று எண்ணி, பஸ்ஸில் கடைப் பலகைகளைப் படித்துத் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு வந்தவள் அவள்.

அன்று இரவு யோசித்ததில், கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தாள். வாயால் சொன்னால் தைரியராஜ் "பாக்கலாம்மா" என்பார். அவர் "பாக்கலாம்" என்று சொன்ன எதையும் யாரும் பிற்பாடு பார்த்ததில்லை. எழுத்தில் வந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

இருபத்து நாலு வருஷமாக அந்த ஆபீசில் எல்லாருடைய விண்ணப்பங்களையும் டைப் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். யாருக்கு லீவு கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அழுது எழுதியவர்களுக்கு அனுதாபம் கிடைத்தது, காரியம் நடக்கவில்லை. அதட்டி எழுதியவர்களுக்கு இரண்டுமே இல்லை. தனக்காக ஒரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது அவள் விரல் நகரவில்லை. மூன்று தாள் கிழித்தபின் இப்படி வந்தது:

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு. பொருள்: கண் சோதனைக்கு உதவித்தொகையும், கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி வைக்க அனுமதியும் கோருதல்.

நான் தை மாதம் முதல் கம்ப்யூட்டரில் சீட்டுகளைப் பதிந்து வருகிறேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பதிவதில் தவறுகள் வருகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் பட்டியல்களைத் தாங்களே பார்த்தால், காலையில் பதிந்தவற்றில் தவறு மிகக் குறைவு என்பதும், பிற்பகலில்தான் அதிகம் என்பதும் தெரியும். பிற்பகலில் மேற்கு ஜன்னலின் வெளிச்சம் திரையில் விழுகிறது. மேஜையைத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போட்டால் இது தீரும்.

திரை என் கண்ணுக்கு மேலே இருக்கிறது. என் வயதில் உள்ளவர்கள் போடும் கண்ணாடியில் படிக்கும் பகுதி கீழே இருப்பதால், அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கழுத்தும் தலையும் வலிக்கின்றன. பீடத்தை எடுத்துவிட்டு மேஜை மேலேயே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சீட்டுகளை நிறுத்தி வைத்துப் பார்க்க ஒரு சாய்வுப் பலகை இருந்தால் குனிந்து நிமிர்வது குறையும்.

கண் வைத்தியரிடம் சோதித்து, இந்த வேலைக்கு ஏற்ற கண்ணாடி போட்டுக்கொள்ள விரும்புகிறேன். நமது மருத்துவப் படியில் காய்ச்சலுக்கும் ஆபரேஷனுக்கும் இடம் இருக்கிறது, கண் சோதனைக்கு இல்லை. இந்த வேலை கண்ணால் செய்யும் வேலை என்பதால், இதைச் செய்கிற எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை கண் சோதனைச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கையெழுத்துப் போடுவதற்கு முன் சவரிநாதனிடம் காட்டினாள். அவன் படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது.

"கண் டெஸ்ட் கேளுங்க, குடுப்பாரு. பாவம்னு குடுப்பாரு. பீடத்த எதுக்குக்கா எழுதினீங்க?"

"பீடம்தானே உயரமா இருக்கு."

"அது அவரு ஆசையா செஞ்ச பீடம். ஓரத்துல பூவேலை எல்லாம் போடச் சொல்லி, ரெண்டு வாரம் சாயங்காலத்துல உறையூருக்குச் சைக்கிள்ல போய் நின்னாரு மனுஷன். அத எடுன்னு எழுதிக் குடுத்தா, மருங்காபுரி பஸ்ஸுக்கு நீங்களே டிக்கெட் எடுத்த மாதிரி."

"பீடம் இருக்கறப்ப எந்தக் கண்ணாடி போட்டாலும் கழுத்து வலிக்குமே சவரி. பாதியக் கேட்டு வாங்கி என்ன செய்ய?"

"எனக்குத் தோணினதச் சொன்னேன்" என்று தாளை நீட்டினான். "அப்புறம், கண்ணு தெரியலன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்க. அதையும் யோசிச்சுக்குங்க."

அதை அவள் அதுவரை யோசிக்கவில்லை. யோசித்த பிறகும் தாளைத் திருத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் கடிதம் தைரியராஜின் மேஜைக்குப் போய்விட்டது.

மூன்று மணிக்கு அவர் கூப்பிட்டார். நெட்டையான மனிதர், பாலக்கரையில் வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையையே வாரம் முழுக்கப் போடுகிறவர். கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உக்காருங்கம்மா. லெட்டர் படிச்சேன். நீட்டா எழுதியிருக்கீங்க."

"சார்."

"கண் டெஸ்டுக்குப் போயிட்டு வாங்க. பில்லக் குடுங்க, நான் பாஸ் பண்றேன். அதுல ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ஆனா இந்த லெட்டர முதலாளிகிட்ட வைக்கணுமே. அவரு என்ன கேப்பாரு? கண்ணு சரியில்ல, கழுத்து வலிக்குதுன்னு அந்தம்மாவே எழுதியிருக்காங்க, அப்புறம் என்னத்துக்கு அவங்களைப் போட்டுக் கஷ்டப்படுத்தறீங்கன்னு கேப்பாரா இல்லையா?"

"கஷ்டம் தீரணும்னுதான் சார் எழுதினேன். வேலை வேண்டாம்னு எழுதல."

"புரியுது. அவருக்குப் புரியணுமே. வஹீதாவும் சாப்பாட்டு நேரத்துல அதே மிஷின் முன்னாலதான் உக்காந்து அடிக்குது. ஒரு வார்த்தை சொல்லல."

"அந்தப் பொண்ணுக்கு இருபத்திரண்டு வயசு சார். அண்ணாந்து பாக்க வேண்டியதில்ல."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையால் எழுதிய நகல்.

"இதை டைப் அடிச்சுக் குடுங்க. அவசரமில்ல. அடுத்த வாரத்துக்குள்ள."

இடத்துக்கு வந்து பிரித்துப் படித்தாள். மருங்காபுரி டிப்போவுக்கு மாற்றல் உத்தரவு. முதல் தேதி முதல் அமல். பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஆபீசில் வேறு டைப்பிஸ்ட் கிடையாது என்பதால், யாருடைய உத்தரவானாலும் அவள்தான் அடிக்க வேண்டும். கோடு யாருக்கு என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த வெட்கத்தில்தான் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறார் என்று தோன்றியபோது, அந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. டைப் அடித்தாள். தவறே இல்லாமல் அடித்தாள். உறையை மடிப்பு மாறாமல் போட்டு மூடிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை தூரத்தில் பந்து அவளுக்குத் தெரிந்தது. கையில் இருந்த டிக்கெட்டின் எண்ணும் தெரிந்தது. தூரத்திலும் தெரிகிறது, கிட்டத்திலும் தெரிகிறது. தெரியாதது நடுவில் இருக்கிற ஒன்றுதான். மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குமுன் வஹீதாவைக் கூப்பிட்டு, பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"என் கண்ணுலேர்ந்து திரை வரைக்கும் அளந்து சொல்லு. நான் எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காந்துக்கறேன்."

"சட்டை தைக்கப் போறீங்களா கம்ப்யூட்டருக்கு?" என்று சிரித்துக்கொண்டே அளந்தாள் வஹீதா. "இருபத்தாறு இஞ்ச். மூக்கு முட்டாம பிடிச்சிருக்கேன், சரியா இருக்கும்."

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கண் டாக்டர் கியாசுதீனின் கிளினிக்குக்குப் போனாள். சுவரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் படிக்கச் சொன்னார். பிறகு இரும்புச் சட்டத்தில் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, "படிக்கிற தூரத்துல பிடிங்க" என்றார்.

"அந்தத் தூரம் இப்ப இருக்கற கண்ணாடிலயே நல்லாத் தெரியுது டாக்டர். நான் பாக்க வேண்டியது இருபத்தாறு இஞ்ச் தூரத்துல இருக்கு."

"என்ன வேலை?"

சொன்னாள். அவர் அட்டையைத் திரும்ப வாங்கி, தானே எழுந்து நின்று, கையை நீட்டிப் பிடித்தார். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

அந்த இடத்தில் அட்டையை வைத்து, சட்டத்தில் வேறு வேறு துண்டுகளைப் போட்டார். மூன்றாவது துண்டில் எழுத்துகள் கழுவிவிட்ட மாதிரி வந்து நின்றன. ரெங்கம்மாள் அட்டையைக் கடைசி வரிவரை படித்தாள். தன்னுடைய கண் போகவில்லை. இத்தனை நாளும் வேறொரு தூரத்துக்குச் செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தத் தூரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"கண்ணுல நோய் ஒண்ணும் இல்ல. வயசுக்கேத்த வெள்ளெழுத்துதான்" என்றார் டாக்டர். "வேலைக்குன்னு தனியா ஒரு கண்ணாடி எழுதறேன். முழுக்க ஒரே பவர். அதப் போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்காதீங்க, தூரம் மங்கும். கண்ணாடி மட்டும் போதாது. திரை கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இருக்கணும். பாத்து அடிக்கிற காகிதமும் திரைக்குப் பக்கத்துலயே, அதே தூரத்துல நிக்கணும். இல்லேன்னா அது மங்கும். மணிக்கொரு தடவ எழுந்து, தூரத்துல எதையாவது பாருங்க."

"இதையெல்லாம் சீட்டுலயே எழுதித் தருவீங்களா டாக்டர்?"

"கடைக்காரனுக்கு இது எதுக்கும்மா?"

"கடைக்காரருக்கு இல்ல. ஆபீசுக்கு."

அவர் ஒரு தரம் அவளைப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை, டைப் அடித்த உத்தரவையும் டாக்டர் சீட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு தைரியராஜின் அறைக்குப் போனாள். உத்தரவை முதலில் வைத்தாள். அதன்மேல் சீட்டை வைத்தாள். அவர் சீட்டைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"நோய் ஒண்ணும் இல்லேன்னு எழுதியிருக்காரு."

"ஆமா சார்."

"இது நல்லது. இத முதலாளிகிட்டக் காட்டலாம். நீங்க சொல்லி நான் செஞ்சேன்னு இருக்காது, டாக்டர் சொன்னாருன்னு இருக்கும்." அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. அடுத்த வரிக்குப் போனதும் அது மறைந்தது. "மேஜையத் திருப்பிக்கலாம். பலகை செஞ்சுக்கலாம். பீடம்…"

சீட்டைக் கீழே வைத்தார்.

"நான் ஆசைக்குச் செஞ்சேன்னு சவரிநாதன் சொல்லிக்கிட்டுத் திரியறான், எனக்குத் தெரியும். பூவேலை ஆசாரி போட்டது. பீடம் எதுக்குன்னு உங்களுக்குக்கூடவா தெரியல? எழுபத்தேழுல நீங்களும்தானே இருந்தீங்க?"

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. எழுபத்தேழு வெள்ளத்தின்போது ஆபீஸ் உறையூரில், கிடங்கோடு சேர்ந்து தரைமட்டத்தில் இருந்தது. ஒரே ராத்திரியில் தண்ணீர் அலமாரிகளின் இடுப்புவரை வந்துவிட்டது. அன்றிலிருந்து தைரியராஜ் எதையும் தாழ்வாக வைக்க விடுவதில்லை. இங்கே மாடிக்கு வந்த பிறகும் அலமாரிகள் செங்கல் மேல்தான் நின்றன. தண்ணீர்ப் பானைகூட முக்காலி மேல்தான் இருந்தது. எல்லாரும் அதை அவருடைய பைத்தியம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பிறகு கவனிக்காமலே பழகிப் போனார்கள். பீடமும் அதில் ஒன்று என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இது மாடி சார்" என்றாள் மெதுவாக.

"தெரியும். அறிவுக்குத் தெரியும். ஊரோட கணக்கெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குன்னு முதலாளி சொன்னப்ப, எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. என்னை நம்பி விட்டிருக்காரு. கீழ வைக்க மனசு வரல."

ரெங்கம்மாளுக்கு அந்த வெள்ளத்துக்கு மறுவாரம் அவளும் அவரும் இன்னும் இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது. சேறு நாற்றம். ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் மாட்டினார்கள்.

"அன்னிக்கு நாம அலமாரியவா சார் காயப் போட்டோம்? காகிதத்தத்தானே காயப் போட்டோம். அலமாரிய யாரு திரும்பிப் பாத்தா?"

அவர் நிமிர்ந்தார்.

"கணக்கை தினமும் சாயங்காலம் பிளாப்பின்னு ஒரு தட்டுல நகல் எடுத்து வைக்கலாம்னு வஹீதா சொல்லுச்சு சார். அந்தத் தட்டு இருந்தாப் போதும், வேற மிஷின்ல போட்டுக்கூட கணக்கை எடுத்துக்கலாமாம். இப்ப அந்தத் தட்டெல்லாம் எங்க இருக்கு தெரியுமா? மேஜைக்கு அடியில, அட்டைப் பெட்டியில."

"அடியிலயா?" தைரியராஜ் எழுந்தே விட்டார். "வஹீதா! இங்க வாம்மா!"

வஹீதா பென்சிலோடு ஓடி வந்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தட்டு வளையக்கூடாது, தூசி படக்கூடாது, காந்தம் கிட்டவே வரக்கூடாது, ஈரம் ஆகவே ஆகாது. நகல் இரண்டு எடுத்து ஒன்றை வேறு இடத்தில் வைப்பது இன்னும் நல்லது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"இத ஏன்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல சார். கம்ப்யூட்டரத்தான் எல்லாரும் கேக்கறாங்க, தட்ட யாரும் கேக்கல."

அன்று மத்தியானமே பீடம் இறங்கியது. ஒரு பக்கம் தைரியராஜ், மறுபக்கம் சவரிநாதன். "கேபிள், கேபிள்!" என்று வஹீதா குறுக்கே குறுக்கே ஓடினாள். பீடம் சுவரோரமாகப் போய் நின்றது. தட்டுகள் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அதன்மேல் ஏறின. கம்ப்யூட்டரின் அகலப் பெட்டியையும் திரைக்கு அடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். திரை மட்டும் மேஜைமேல் உட்கார்ந்தது. மேஜை திரும்பியது, ஜன்னல் பக்கவாட்டுக்குப் போயிற்று.

சாய்வுப் பலகைக்கு ஆசாரியிடம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. "எங்க வீட்டுல குர்ஆன் ஓதறதுக்குப் பலகை ஒண்ணு இருக்கு, அந்த மாதிரி நிக்கணும்" என்று வஹீதா கையை விரித்துக் காட்டினாள்.

"அதையே கொண்டாயேன்" என்றான் சவரிநாதன்.

"உங்க கோயில்லேர்ந்து பைபிள் ஸ்டாண்டைக் கொண்டாருங்க முதல்ல, அப்புறம் நான் கொண்டாறேன்."

தைரியராஜே சிரித்துவிட்டார்.

எல்லாம் முடிந்தபின் அவர் ரெங்கம்மாளை மறுபடி கூப்பிட்டார். உத்தரவு இன்னும் மேஜையில்தான் இருந்தது. கோடு கோடாகவே இருந்தது.

"கிழிச்சுப் போடுவேன்னு நினைக்காதீங்க. முதலாளி கேட்டா பதில் சொல்லணும். ஆனா அந்த மூணு மாசத்தையும் நான் கணக்குல எடுக்கப் போறதில்ல. ஓட்டை வண்டியக் குடுத்துட்டு ஓட்டத் தெரியலன்னு சொல்றது நியாயமில்ல. இன்னிலேர்ந்து புதுசா ஒரு மாசம். கண்ணாடி வந்த நாள்லேர்ந்துன்னு வச்சுக்குங்க. சுழி குறையுதான்னு பாப்போம்."

"குறையலேன்னா?"

"குறையலேன்னா பேரை எழுதுவேன்" என்றார். உத்தரவை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டே, "எழுத எனக்கு இஷ்டமில்லம்மா" என்றார்.

"சரி சார்" என்றாள் அவள். அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. முதல் வாரம் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்து கதவில் இடித்துக்கொண்டாள். கழுத்து பழைய வழக்கத்தில் தானாகவே அண்ணாந்தது, அப்போதெல்லாம் சவரிநாதன் தூரத்திலிருந்து "கொக்கொக்கோ" என்றான். சுழி ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. மங்கலான கார்பன் நகலில் ஆறும் சைபரும் யாருக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்தச் சீட்டுகளை ஊகித்து அடிக்காமல் தனியாக எடுத்து வைத்து, டிப்போவுக்கு போன் போட்டுக் கேட்டுப் பதிந்தாள். இரண்டாம் வாரத்திலிருந்து காலைப் பட்டியலுக்கும் சாயங்காலப் பட்டியலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாதக் கடைசியில் வஹீதா ஒரு பட்டியலை முழுக்கப் பார்த்துவிட்டு, சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இன்னிக்கு எனக்கு வேலையே இல்ல போங்க" என்றாள்.

உத்தரவு மருங்காபுரிக்குப் போகவில்லை. அந்த டிப்போவுக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரையே சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய நியமன உத்தரவையும் ரெங்கம்மாள்தான் டைப் அடித்தாள்.

அவளுடைய விண்ணப்பம் முதலாளியின் கையெழுத்தோடு ஆனி மாதத்தில் திரும்பி வந்தது. பீடம், பலகை பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. கண் சோதனை பற்றிய கடைசிப் பத்திக்கு எதிரே, கம்ப்யூட்டரில் உட்காருகிற எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, கண்ணாடிக்குப் பாதிச் செலவு, என்று இருந்தது. தைரியராஜ் அதைச் சுற்றுக்கு விட்டார். வஹீதா படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் அப்படியே நீட்டினாள்.

"எனக்கு எதுக்குக்கா? எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"தெரியட்டும். போயிட்டு வா."

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லி அனுப்பப் போறாங்க. வீண் செலவு."

"ஒண்ணும் இல்லேன்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிட்டு வா. அதுக்கும் சேத்துத்தான் கேட்டு வாங்கினது."

வஹீதா கையெழுத்துப் போட்டாள். ரெங்கம்மாள் அடுத்த சீட்டைப் பலகையில் நிறுத்தினாள். லால்குடியிலிருந்து வந்தது. கார்பன் நன்றாக விழுந்திருந்தது.